மூன்று வாரத்தில் விரிந்த பிரஷ்ஷைப் பாருங்கள்

கேள்வி: யாங்கூனில் இருக்கிறேன், வயது 41. பல் தேய்க்கும்போது ஈறு எரியுது, சில நாள் ரத்தமும் வருது. மீடியம் பிரஷ்தான் வாங்குவேன், மூணு வாரத்திலேயே நார் விரிஞ்சு போயிடுது. கையில் காசு ரொம்பக் கம்மி. சாதா பிரஷ்ஷே போதுமா, இல்லை சேர்த்து வைச்சாவது சார்ஜ் போடுற எலக்ட்ரிக் பிரஷ் வாங்கணுமா? இங்கே கரண்ட்டையும் நம்ப முடியாது.

பதில்:

சாதா பிரஷ்ஷே வாங்குங்கள், ஆனால் மீடியம் வேண்டாம். ‘சாஃப்ட்’ அல்லது ‘எக்ஸ்ட்ரா சாஃப்ட்’ பாருங்கள். எலக்ட்ரிக் பிரஷ் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் நீங்களே போகிறபோக்கில் சொல்லிவிட்ட ஒரு விஷயம்தான் முக்கியம்: மூன்று வாரத்தில் நார் விரிகிறது.

ஒழுங்காகத் தேய்த்தால் நைலான் நார் மூன்று மாதம் வரை நிமிர்ந்து நிற்கும். மூன்று வாரத்தில் வாழைப்பூ மாதிரி விரிகிறது என்றால், பிரஷ்ஷின் தரத்தைவிட உங்கள் கையழுத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுத்தம் செய்வது நாரின் நுனி. அழுத்தினால் நார் மடிந்து, நுனி விலகி, நாரின் பக்கவாட்டுதான் பல்லிலும் ஈறிலும் உரசும். அப்போது பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் இருக்கிற அழுக்குப் படலம் அப்படியே இருக்கும், சற்று மேலே இருக்கிற நல்ல ஈறு சிராய்த்துப்போகும். ஓரத்தில் படலம் இருப்பதால் ரத்தம், சிராய்ப்பால் எரிச்சல். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

எது எவ்வளவு என்று கண்ணாடியில் பார்த்தாலே ஓரளவு தெரியும். ஈறின் ஓரம் சிவந்து, உப்பி, தொட்டால் ரத்தம் கசிந்தால் அது படலத்தின் வேலை. பெரும்பாலும் பல்லுக்குப் பல் நடுவில் இருக்கிற முக்கோண ஈறில் முதலில் தெரியும். வலது கைக்காரர் என்றால் இடதுபக்கக் கோரைப்பல்லையும் அதற்கு அடுத்த இரண்டு பற்களையும் பாருங்கள். அங்கே ஈறு மேலேறிப் பல் நீளமாகத் தெரிந்தாலோ, நகத்தால் தடவும்போது சின்னப் பள்ளம் தட்டுப்பட்டாலோ, அது அழுத்தித் தேய்த்ததன் தடம். பச்சைத் தண்ணீர் பட்டால் சுரீரென்பது ஈறு அல்ல, ஈறு விலகியதால் வெளியே வந்த வேர். அதற்கு 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும். இரண்டிலிருந்து நான்கு வாரம் விடாமல் போட்டால்தான் தெரியும், நாலாம் நாள் ‘ஒன்றும் ஆகலை’ என்று தூக்கிப் போடாதீர்கள்.

எவ்வளவு அழுத்தலாம்? இதை வார்த்தையில் சொன்னால் யாருக்கும் புரியாது. தராசில்தான் புரியும். வீட்டில் சமையல் தராசு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைத்தெருவில் தெரிந்த கடைக்காரரிடம் ஒரு நிமிடம் கேளுங்கள். பிரஷ்ஷை நனைத்து, வழக்கமாகப் பல்லில் வைப்பதுபோலத் தட்டில் வைத்து அழுத்திப் பாருங்கள். முள் 150 கிராமில் நிற்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் வீசையில் பத்தில் ஒரு பங்கு, பத்துக் கியாட்தா, 163 கிராம். அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். நார் விரிகிறவர்கள் முதல் தடவை அழுத்தும்போது முள் இதன் இரண்டு மூன்று மடங்குக்குப் போவது சாதாரணம். ஐந்தாறு தடவை அழுத்திப் பார்த்தால் கைக்குப் பழகிவிடும். பிறகு கைப்பிடியை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்காமல், பேனா பிடிப்பதுபோல விரலால் பிடியுங்கள். அந்தப் பிடியில் அழுத்த நினைத்தாலும் அவ்வளவாக அழுத்த முடியாது.

இனி பிரஷ். இங்கே கிடைப்பதில் பாதி தாய்லாந்து, சீனச் சரக்கு. அட்டையில் இருப்பதை நம்மால் படிக்க முடியாது. தமிழில் எழுத வேண்டாம், பர்மியத்திலாவது ஒட்டலாமே, அதையும் சிலர் செய்வதில்லை. அதனால் கையால்தான் பார்க்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷின் நார் சுமார் 0.2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லியது. கட்டைவிரல் நகம் முடிகிற இடத்துத் தோலில் வைத்து லேசாகக் குத்திப் பாருங்கள். குறுகுறுத்தால் சரி, குத்தினால் வேண்டாம். தலை சிறியதாக, இரண்டிலிருந்து இரண்டரை செண்டிமீட்டர் நீளத்தில் இருந்தால் கடைவாய்க்குப் போகும். ரப்பர் பட்டை, குறுக்கும் நெடுக்குமான நார், ‘கரி’ நார், இவற்றுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். முடிந்தால் இரண்டு வாங்கி, ஒன்றைக் காலைக்கும் ஒன்றை இரவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் குளியலறையில் எதுவும் காயாது, நைலான் ஈரத்தில் தளர்ந்தே நிற்கும். மாற்றிப் போட்டால் இரண்டும் நன்றாகக் காயும், சேர்ந்து நீண்ட நாளும் வரும். ஈறு ரொம்ப எரிகிற நாளில் தேய்ப்பதற்கு முன் பிரஷ்ஷை ஒரு நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் நார் இன்னும் இளகும்.

தேய்க்கும் முறையை ‘பாஸ் முறை’ என்பார்கள். நார் நுனி பாதி பல்லிலும் பாதி ஈறின் ஓரத்திலும் படும்படி, 45 பாகை சாய்த்து வையுங்கள். மேல்பல்லுக்கு நுனி மேலே பார்க்கும், கீழ்ப்பல்லுக்கு நுனி கீழே பார்க்கும். வைத்த இடத்திலேயே, ஒரு பல்லின் அகலத்துக்கும் குறைவாக, முன்னும் பின்னும் பத்துத் தடவை சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். ‘கரகர’ என்று சத்தம் வந்தால் நீங்கள் தேய்க்கிறீர்கள், அசைக்கவில்லை. அதன்பின் ஈறிலிருந்து பல்லின் கடிக்கும் பக்கம் நோக்கி ஒருமுறை மெதுவாக உருட்டிவிட்டு அடுத்த இரண்டு பற்களுக்குப் போங்கள். வெளிப்புறம் முடித்து உள்புறம் வாருங்கள். கீழ் முன்பற்களின் உள்புறத்தில் பிரஷ் படுக்காது, செங்குத்தாகப் பிடித்து நுனித்தலையால் அசையுங்கள். எச்சில் சுரப்பி பக்கத்தில் இருப்பதால், அழுக்குப் படலம் இறுகிக் கல்லாகிற காரை முதலில் படிவதும் அங்கேதான். மொத்தம் இரண்டு நிமிடம் போதும், மூன்றானாலும் தவறில்லை. பேஸ்ட்டைப் பட்டாணியளவு போட்டு, முடித்ததும் துப்பிவிடுங்கள். வாய் கொப்பளித்து ஃப்ளோரைடைக் கழுவிவிட வேண்டாம்.

ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்கிறவர்கள் நிறையப் பேர். அது தலைகீழ். 1965ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவர் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. உங்கள் ஈறுக்கும் அதே கணக்குதான், காரை இல்லாதவரை. மெதுவாக, தினமும், ரத்தம் வரும் அதே ஓரத்தில் தேய்த்தால் முதல் மூன்று நான்கு நாள் ரத்தம் கூடினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் குறைய வேண்டும்.

இப்போது எலக்ட்ரிக் பிரஷ். ‘அதுதான் நல்லது என்று ஆராய்ச்சியே சொல்கிறது’ என்று இதற்குக் கீழே யாராவது எழுதுவார்கள். சரிதான். 2014ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குச் சாதா பிரஷ்ஷைவிட அழுக்குப் படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைந்திருந்தது. லாபம் உண்மை, ஆனால் ஈறைப் பொறுத்தவரை அது பத்தில் ஒரு பங்குதான். உங்கள் ஈறைச் சிராய்க்கிற கையழுத்தத்தை மோட்டார் தானாகச் சரிசெய்யாது. அழுத்தம் காட்டும் விளக்கு உள்ள மாடல் அதைச் செய்யும், ஆனால் பெரும்பாலும் விலை கூடிய மாடல்களில்தான் அது இருக்கும். மலிவான, வெறுமனே நடுங்குகிற, சாதா பேட்டரி போடுகிற பிரஷ்ஷுக்கு அந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது.

கரண்ட் பிரச்சினையே அல்ல. லித்தியம் பேட்டரி உள்ள பிரஷ் ஒருமுறை நிறைத்தால் நாளுக்கு இரண்டு தடவை என்று பெரும்பாலும் இரண்டு வாரம் ஓடும். இடையில் எப்போது கரண்ட் வந்தாலும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். காசு கரைவது தலையில். மூன்று மாதத்துக்கு ஒரு தலை, வருடத்துக்கு நான்கு. ஒரு ஒரிஜினல் தலையின் விலைக்கு நல்ல மென்மையான சாதா பிரஷ்கள் மூன்று நான்காவது வரும். அந்தத் தலை ஒருநாள் கடையில் இல்லாமல் போகும், அல்லது கியாட்டின் மதிப்பு இறங்கி விலை ஏறும். அப்போது என்ன நடக்கும் என்றால், விரிந்த தலையையே ஏழெட்டு மாதம் ஓட்டுவீர்கள், இல்லையேல் சரியாகப் பொருந்தாத போலித் தலை வாங்குவீர்கள். பழசான எலக்ட்ரிக் தலையைவிடப் புதிய சாஃப்ட் பிரஷ் மேல். எனவே வாங்குவதாக இருந்தால் கைப்பிடியோடு ஒரு வருடத் தலைகளின் விலையையும் கூட்டிப் பாருங்கள், அந்தத் தொகை கையில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கை நடுக்கம், முடக்குவாதம், விரலில் பிடிமானம் இல்லாமை போன்றவை இருந்தால் கணக்கு மாறும், அவர்களுக்கு அது செலவல்ல, தேவை. வாங்கினாலும் அதை வைத்துத் தேய்க்கக் கூடாது, ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இரண்டு மூன்று விநாடி சும்மா வைத்துவிட்டு நகர வேண்டும்.

மிச்சமாகிற காசைப் பல் மருத்துவரிடம் ஒருமுறை காரை எடுப்பதற்குக் கொடுங்கள். இறுகிய காரையை எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது, அது இருக்கும்வரை மேலே சொன்ன ஒன்றிரண்டு வாரக் கணக்கும் வேலை செய்யாது. பல்லிடுக்கு அகலமாக இருந்தால், உள்ளே போகும் அளவுக்கு ஒரு இடுக்கு பிரஷ்ஷும் வாங்குங்கள், முக்கோண ஈறுக்கு அதுதான் மருந்து.

கரியும் உப்பும் சேர்த்துத் தேய்த்த தாத்தாவுக்கு எண்பது வயதுவரை எல்லாப் பல்லும் இருந்தது என்று சொல்பவர்கள் வருவார்கள். இருந்திருக்கலாம். ஆனால் ஈறு விலகி வேர் தெரிகிறவர் வேரில் கரிப்பொடியைத் தேய்ப்பது, சுவரில் மணல் தாளைத் தேய்ப்பது போலத்தான். வேர் பல்லின் எனாமலைவிட மென்மையானது. வெற்றிலைக் கறையைப் போக்கத் தேய்க்கிறவர்களுக்கும் இதுவே, கறை அழுத்தினால் போகாது, காரை எடுக்கும்போது சேர்ந்து போகும். சுண்ணாம்பு, பாக்கு போடுகிற வாய்க்கு எரிச்சல் என்றால் காரணம் பிரஷ்ஷே அல்லாமல் இருக்கலாம். வாய் முன்போலத் திறக்காவிட்டாலோ, கன்னத்தின் உள்புறம் வெளுத்து இறுகினாலோ பிரஷ்ஷைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மென்மையான பிரஷ்ஷும் தராசும் கையில் வந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு பதினான்காம் நாள் கண்ணாடியில் பாருங்கள். அப்போதும் ரத்தம் வந்தால், அல்லது இடையிலேயே சீழ், பல் ஆட்டம், தானாகக் கசியும் ரத்தம் எதையாவது கண்டால், காரை எடுக்கப் போகும்போது சர்க்கரையையும் பரிசோதித்து விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.