ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போய்விடும் பணம்

கேள்வி: பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் 14 வருடம் 6 மாதமாக வேலை செய்கிறேன். வயது 54. சம்பளம் 2,190 ரிங்கிட். அடுத்த மாதம் என் பிரிவை மூடுகிறார்கள். 5 வருடம் தாண்டினாலே கிராஜுவிட்டி உண்டு என்கிறார் தமிழ்நாட்டிலிருக்கும் என் மைத்துனர். ஆபீசில் கேட்டால் இல்லை என்கிறார்கள், ராஜினாமா கடிதம் கொடுத்தால் 5,000 ரிங்கிட் தருவார்களாம். எது சரி?

பதில்: அம்மா, முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மைத்துனர் சொல்வது இந்தியச் சட்டம். அங்கே கிராஜுவிட்டிக்கென்று 1972ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. மலேசியாவில் தனியார் நிறுவனம் கிராஜுவிட்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்திலோ தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் மட்டுமே கேட்க முடியும். அந்த மட்டில் ஆபீஸ் சொல்வது சரி. பழைய நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆனால் ஆட்குறைப்பு இழப்பீடு வேறு. அது 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வருவது, முதலாளியின் தயவு அல்ல. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாமல், குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் கிடைக்கும். 2 வருடத்துக்குக் கீழே என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருடத்துக்குள் 15 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் 20 நாள். சில ஆபீசில் முதல் 2 வருடத்துக்கு 10 நாள், அடுத்ததற்கு 15 நாள் என்று படிப்படியாகப் போட்டுக் காட்டுவார்கள். அது தப்பு. 5 வருடம் முடித்தவருக்கு எல்லா வருடத்துக்கும் 20 நாள்தான்.

உங்கள் கணக்கைப் போடுவோம். கடந்த 12 மாதச் சம்பளம் 26,280 ரிங்கிட். அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 72 ரிங்கிட். 20 நாளுக்கு 1,440. பதினான்கரை வருடத்துக்கு 20,880 ரிங்கிட். இதோடு 8 வார முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தனியாக வரவேண்டும்.

தானாக வேலையை விட்டவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. அதனால்தான் ராஜினாமா கடிதம் கேட்கிறார்கள். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்ற அந்த ஒரு வரிக்கு 5,000 கொடுத்து மிச்சம் 15,880ஐத் தங்களிடமே வைத்துக்கொள்ளப் பார்ப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. ஒப்பந்தப்படி ஓய்வு வயது வந்து போகிறவருக்கும் இழப்பீடு இல்லை, ஆனால் அந்த வயது 60க்குக் கீழே இருக்கக் கூடாது. உங்களுக்கு இன்னும் 6 வருடம் இருக்கிறது.

உங்களை வேலையிலிருந்து நிறுத்துவதாக ஆபீசை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்த 7 நாளுக்குள் பணம் வரவில்லை என்றால், சம்பளச் சீட்டுகளோடு தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். அப்புறம், சொக்சோவின் வேலை இழப்புக் காப்புறுதிக்கு 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ராஜினாமா செய்தால் அதுவும் கிடைக்காது.