சுவர் வழியாக ஆள் வருகிறார் என்கிறார் அம்மா: மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 73. இதுவரை மனநோய் எதுவும் இருந்ததில்லை. இரண்டு மாதமாக, மாடி வீட்டுக்காரர் ராத்திரியில் சுவர் வழியாக வந்து தன் பொருள்களை எடுத்துப்போகிறார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். டாக்டரிடம் காட்டினோம். ஐந்து நிமிடத்தில் ரிஸ்பெரிடோன் 2 மி.கி., ட்ரைஹெக்ஸிபெனிடில் 2 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா? வாழ்நாள் முழுக்க மாத்திரைதானா?

பதில்: அந்த மாத்திரையை அந்த அளவில் ஆரம்பிக்க வேண்டாம். டாக்டரிடமே திரும்பப் போங்கள், அல்லது முதியோர் மனநலம் பார்ப்பவரிடம் காட்டுங்கள். அறுபதுக்கு மேல் முதல்முறையாக இப்படி ஒன்று தலைகாட்டினால், வேறு காரணம் இல்லை என்று தெரியும்வரை அதை உடம்பு கொடுக்கும் சைகை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் தேட ஒரு வாரம் போதும். இரண்டு மாதம் பொறுத்தவர்கள் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் அந்த ஒரு வாரம்கூடக் கிடையாது. சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் ஆள் மாறிப்போவது, காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் குழம்புவது, பேசும்போதே கண் சொருகுவது, இதெல்லாம் திடீர்க் குழப்பம். சனிக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். முன்பெல்லாம் சுலபமாகச் சொல்லக்கூடியவர் நடுவிலேயே தொலைந்துபோனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே நுரையீரல் தொற்றோ, சோடியம் குறைவோ, சிறுநீர் அடைப்போ, தலைக்குள் ரத்தக்கசிவோ இருக்கலாம்.

அம்மா தெளிவாக இருக்கிறார், இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் பிடிவாதம் என்றால், முதல் வேலை ரத்தப் பரிசோதனைகூட இல்லை. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரின் மேஜையில் கொட்டுங்கள். தலையணைக்கு அடியில் இருக்கும் மாத்திரை, சளி சிரப், கண் சொட்டு மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அட்டை, எதையும் விட வேண்டாம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் அம்மா வயதில் ஒருவரை மகள் என்னிடம் அழைத்து வந்தார். அவருக்கும் இதே மாதிரி, கூரையைப் பிரித்துக்கொண்டு ஆள் இறங்குகிற கதை. பையைக் கொட்டினோம், ஒன்பது அட்டைகள். சிறுநீர் அடங்காததற்கு ஆக்ஸிபியூட்டினின் 5 மி.கி. தினம் இரண்டு வேளை. பாத எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் 25 மி.கி. மூக்கு ஒழுகுகிறது என்று தானே கடையில் வாங்கிய சளி மாத்திரை, அதில் குளோர்பெனிரமின். மூன்று மருந்தும் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ஒரே ரசாயனத்தைத் தடுப்பவை. நினைவையும் கவனத்தையும் தாங்கிப் பிடிப்பது அந்த ரசாயனம்தான். வயதான மூளையில் அது ஏற்கெனவே குறைவு. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் அவருக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கியிருந்தன. அதையும் வயசுதான் என்று விட்டுவிட்டார்கள்.

ஆக்ஸிபியூட்டினினையும் சளி மாத்திரையையும் நிறுத்தினோம். அமிட்ரிப்டிலினை ஒரேயடியாக நிறுத்தாமல் 10 மி.கி.க்கு இறக்கி, அப்புறம் விட்டோம். இரண்டு காதிலும் குரும்பி அடைத்துக் கிடந்தது, அதையும் எடுத்தோம். பாதி கேட்கும் காதுக்கு மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம்கூட யாரோ கிசுகிசுப்பது போலத்தான் இருக்கும். மூன்று வாரம் கழித்து வந்தபோது அவர் சொன்னது: "அவன் இப்பல்லாம் வர்றதில்ல டாக்டர்." முன்பு வந்தது பொய் என்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள வைக்க நாங்களும் முயலவில்லை. மனநோய் மாத்திரை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

சிறுநீரியல் டாக்டர் எழுதியது அவர் அளவில் சரி. நரம்பு டாக்டர் எழுதியதும் சரி. மொத்தத்தை யார் பார்ப்பது? யாரும் இல்லை. அந்த வேலையை ஒரு மகளின் தலையில் கட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் இன்னொரு மருந்தை எழுதுகிற ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

இப்படி மனதைக் குழப்பக்கூடிய மருந்துகளின் பட்டியலில் ஸ்டீராய்டு, பார்கின்சன் மருந்துகள், தூக்க மாத்திரை எல்லாம் உண்டு. தூக்க மாத்திரையில் இன்னொரு பொறி இருக்கிறது. பல மாதம் அல்பிரசோலம் சாப்பிட்டவருக்கு அதைத் திடீரென்று நிறுத்தினாலும் உருவங்கள் தெரியலாம், குரல்கள் கேட்கலாம். ஆகவே நீங்களாக எதையும் பிடுங்கிவிடாதீர்கள்.

பரிசோதனைகள் சாதாரணமானவைதான். சோடியம், கால்சியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, பி12, ரத்த அணுக்கள், அதோடு ஒரு ஈசிஜி. மெட்ஃபார்மின் வருடக்கணக்காகச் சாப்பிடுபவருக்கு பி12 குறையலாம், சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகளில் சோடியம் குறையலாம் என்பதால் இந்த இரண்டையும் விடக்கூடாது. சிறுநீர்ப் பரிசோதனையில் மட்டும் கவனம். வயதான பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல் "கிருமி இருக்கு, அதான் இப்படி" என்று ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு மாதத்தை வீணடிப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஸ்கேன் ஒரு முறை எடுப்பது நியாயம். விழுந்திருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டால், நடை மாறியிருந்தால் உடனே எடுக்க வேண்டும். ஆனால் "மூளை முழுப் பரிசோதனை பேக்கேஜ்" என்று போன் செய்யும் ஏஜென்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர்களுடைய நாற்பது பக்க ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்று இருக்கும். அது பெரும்பாலான முதியவர்களின் ஸ்கேனிலும் இருக்கும். மருந்துப் பையைக் கொட்டினால் கிடைக்கும் பதில் அந்த நாற்பது பக்கத்தில் கிடைக்காது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துத் தருகிறேன் என்று வரும் தரகர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். "அம்மா அமைதியாக இருக்க ஒரு மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிடுங்க" என்று அவர்கள் சொன்னால், அந்த அமைதி அவர்களுடைய வசதிக்குத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொருள் தொலைவது எப்போது? தானே ஒரு இடத்தில் வைத்துவிட்டு மறந்து, பிறகு திருடு என்று சொல்கிறாரா? அப்படியானால் இது மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். மருந்துகள் சரி, ரத்தம் சரி, நினைவும் சரி, ஆனாலும் ஆள் சுவர் வழியாக வருகிறார் என்றால், முதுமையில் தாமதமாகத் தொடங்கும் மனச்சிதைவு போன்ற நோய் என்று யோசிப்போம். தடுப்பைத் தாண்டி ஆள் வருவதாக நம்புவது இந்த வயதில் தொடங்கும் நோயில் அடிக்கடி காணும் அடையாளம். பெண்களுக்கும், காது மந்தமானவர்களுக்கும், தனியாக இருப்பவர்களுக்கும் அதிகம் வரும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் மாத்திரைக்கு வருவோம். ரிஸ்பெரிடோன் இந்த வயதில் இரவில் 0.25 அல்லது 0.5 மி.கி.யில் தொடங்குவது. ஒரு வாரமாவது பார்த்துவிட்டுத்தான் சிறிது கூட்டுவோம். பலருக்கு 1 மி.கி.யே போதும். எடுத்த எடுப்பில் 2 மி.கி. கொடுத்தால் உடம்பு விறைக்கலாம், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரியலாம், ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு எலும்பு முறியலாம். சின்ன அளவு வேலை செய்யுமா என்று சந்தேகம் வேண்டாம். இளையவர்களுக்கு 400 முதல் 800 மி.கி. வரை கொடுக்கும் அமிசல்பிரைடு என்ற இதே வகை மருந்து, அறுபதுக்கு மேல் தொடங்கிய இந்த நோய்க்கு வெறும் 100 மி.கி.யில் பலன் தருவதை 2018இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது.

அதோடு ஒட்டி வரும் ட்ரைஹெக்ஸிபெனிடில்தான் எனக்குப் பெரிய கவலை. ரிஸ்பெரிடோனால் வரும் விறைப்பைத் தடுக்க அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் மேலே சொன்ன அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. முதியவர்களுக்கு அதுவே மறதியும், இல்லாத உருவங்களும், சிறுநீர் அடைப்பும் தரும். அப்புறம் அதை நோய் முற்றியதாக நினைத்து ரிஸ்பெரிடோனைக் கூட்டுவார்கள். விறைப்பு வந்தால் அளவைக் குறைப்பதுதான் வழி. இரண்டும் சேர்ந்த மாத்திரை வேண்டாம், தனி ரிஸ்பெரிடோன் சின்ன அளவில் எழுதுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அம்மாவுக்கு மறதி நோய் என்று தெரிந்தால் கணக்கே வேறு. ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகளால் மறதி நோயாளிகளிடம் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இல் எச்சரித்தது. பத்து வார அளவிலான ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் சுமார் 4.5 சதவீதம் பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 2.6 சதவீதம். பெரும்பாலும் இதயக் கோளாறாலும் நிமோனியா போன்ற தொற்றாலும். அதனால் மறதி நோயில், தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற அளவுக்குப் போனாலோ, தாங்க முடியாத தவிப்பு இருந்தாலோதான் கொடுப்போம்.

இதற்குள் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லூயி பாடி என்ற மறதி நோய். அதில் நம்பிக்கையைவிடக் காட்சிதான் முன்னால் நிற்கும். மூலையில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பூனை ஓடுகிறது என்று நிறம், உடை வரை சொல்வார்கள். ஒரு நாள் தெளிவு, மறுநாள் மந்தம். நடை சுருங்கும், கை விறைக்கும். பல வருடம் முன்பே தூக்கத்தில் கத்தியிருப்பார், உதைத்திருப்பார். பக்கத்தில் படுத்தவருக்குத்தான் தெரியும், டாக்டர் கேட்டால்தான் சொல்வார்கள். இவர்களுக்கு ரிஸ்பெரிடோனோ, அவசரப் பிரிவில் போடும் ஹாலோபெரிடால் ஊசியோ கடுமையான விறைப்பையும் மயக்கத்தையும் கொண்டுவரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மறதி நோய்க்குக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மைன் பெரும்பாலும் உதவும். மனநோய் மருந்தைத் தவிர்க்கவே முடியாவிட்டால் குவெடியாபின் 12.5 மி.கி. போன்ற சின்ன அளவு. இந்த அடையாளங்களில் இரண்டு இருந்தாலும், "லூயி பாடி சந்தேகம், ஹாலோபெரிடால் வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதி அம்மாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் புதிய டாக்டரிடம் இதை விளக்க உங்களுக்கு நேரம் கிடைக்காது.

வாழ்நாள் முழுக்கவா என்றால், காரணத்தைப் பொறுத்தது. மருந்தாலோ சத்துக் குறைவாலோ வந்தது என்றால், அது சரியானதும் பெரும்பாலும் தேவையே இராது. மறதி நோயில் சரியான அளவில் நான்கு வாரம் கொடுத்தும் பலன் இல்லை என்றால் குறைத்து நிறுத்த வேண்டும். பலன் இருந்தாலும் நான்கு மாதத்துக்குள் குறைத்துப் பார்க்க வேண்டும். மறதி இல்லாத, தாமதமாகத் தொடங்கும் நோயில் மட்டும் அவசரப்பட்டு நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், சின்ன அளவில் நீண்ட காலம் போக வேண்டியிருக்கும். அப்போதும் படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வையுங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள்.