லேப்டாப் போனாலும் வேலை போகக்கூடாது: பேக்கப், ஃபைல் பெயர் கேள்வி பதில்

கல்யாண ஆல்பம் டிசைனர், கும்பகோணம்: லேப்டாப் ஆன் ஆகவில்லை. கடைக்காரர் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் ஏதோ 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்த பாஸ்வேர்டும் போடவே இல்லையே?

நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டிருக்கிறது. புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே போனாலே பல மெஷின்களில் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி மதர்போர்டில் உள்ள சிப்போடு கட்டப்பட்டிருப்பதால் இத்தனை நாள் எதுவும் கேட்காமல் திறந்தது. வேறு மெஷினுக்குப் போனதும் கேட்கிறது.

அந்த 48 இலக்கம் பெரும்பாலும் உங்கள் கணக்கிலேயே இருக்கும். வேறொரு போனில் aka.ms/myrecoverykey திறந்து, லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்த மெயில் ஐடியில் நுழையுங்கள். கடைக்காரரோ தம்பியோ செட்டப் செய்திருந்தால் அவர் ஐடியில் இருக்கும், அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதிலும் இல்லையென்றால் போர்டை மாற்றச் சொல்லாதீர்கள், அதே போர்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பழைய போர்டு உயிர்பெற்றால் டிஸ்க் எண் கேட்காமலே திறக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் கைகூடாவிட்டால், 'நான் உடைத்துத் தருகிறேன்' என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

லேப்டாப் நன்றாக ஓடும் மற்றவர்கள் இன்றே கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து இதை அடியுங்கள். வரும் 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்தால் பயனில்லை.

```
manage-bde -protectors -get C:
```

மொழிபெயர்ப்பாளர், மதுரை: எல்லாமே கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறது. அது போதாதா?

போதாது. சிங்க் என்பது பேக்கப் அல்ல. லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை அழித்தால் டிரைவிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை. ஃபைலின் பழைய வடிவங்களும் அப்படியே: நீங்கள் ஏற்றிய வேர்டு, பிடிஎஃப் போன்றவற்றுக்கு 30 நாள் அல்லது 100 வடிவம், எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். மூன்று மாதம் கழித்து க்ளையண்ட் 'முதல் வடிவத்தைக் காட்டுங்கள்' என்றால் கை விரிக்க வேண்டியதுதான்.

டிரைவ் இருக்கட்டும். கூடவே இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க், வாரம் மாற்றி வாரம். ஒன்று உங்கள் மேசையில், மற்றது வேறு வீட்டில். காப்பி முடிந்ததும் வயரைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே கிடக்கும் டிஸ்கை, பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் லேப்டாப்போடு சேர்த்தே பூட்டும்.

```
robocopy D:\Velai E:\Velai /E /LOG+:E:\log.txt
```

வலையில் தேடினால் `/E` இருக்கும் இடத்தில் `/MIR` போடச் சொல்வார்கள். போடாதீர்கள். D-யில் இல்லாததையெல்லாம் E-யிலும் அழித்துவிடும். தவறி அழித்த ஃபைலைத் தேடித்தானே பேக்கப்பைத் திறக்கிறோம்?

நோட்டீஸ், காலண்டர் டிசைனர், சிவகாசி: 'நான் ஓகே சொன்னது இது இல்லை' என்கிறார் பார்ட்டி. என்னிடம் final, final2, final_new, final_OK என்று நான்கு இருக்கிறது. எதை அனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

'ஃபைனல்' என்ற சொல்லை ஃபைல் பெயரிலிருந்து ஒழியுங்கள். எது கடைசி என்பதை முடிவு செய்பவர் க்ளையண்ட், நீங்கள் அல்ல. இப்படி வையுங்கள்:

```
murugan-calendar_2025-09-14_v03.cdr
murugan-calendar_2025-09-14_v03_SENT.pdf
```

வருடம் முதலில் வந்தால் எந்த மெஷினிலும் வரிசை கலையாது. v3 அல்ல, v03. தினசரி சேமிப்புக்கு எண் ஏற வேண்டாம், வெளியே போகும்போது மட்டும் ஏறட்டும். வெளியே போன பிடிஎஃபையும் அதன் மூல ஃபைலையும் தனி ஃபோல்டரில் போட்டு, ப்ராபர்ட்டீஸில் Read-only டிக் செய்யுங்கள். எழுத்துப்பிழை ஒன்று திருத்தினாலும் அது v04.

இனி பார்ட்டி பக்கம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படமும் சுருங்கும், நீங்கள் வைத்த பெயரும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், பெயர் நிற்கும். அவர் 'சூப்பர் சார்' என்று போட்டால் அது ஓகே ஆகாது, எதற்குச் சூப்பர்? 'v03 பிரிண்டுக்குப் போகலாமா? போன் நம்பர், தேதி பார்த்துவிட்டீர்களா?' என்று கேட்டு, 'v03 ஓகே' என்று அவர் கையால் வாங்குங்கள். இப்போதைய சண்டைக்கு: அனுப்பிய மெயிலிலிருந்தே அந்த பிடிஎஃபை டவுன்லோடு செய்து நான்கோடும் ஒப்பிடுங்கள்.

வெப் டெவலப்பர், கோவை: v03 எதற்கு? விண்டோஸே v2-க்குப் பிறகுதான் v10 காட்டும். சண்டை வந்தால் Modified தேதியே சாட்சி. இவ்வளவு சடங்கு தேவையில்லை.

முதல் பாதி சரி, எக்ஸ்ப்ளோரரில் மட்டும். எண்ணை எழுத்தாக வரிசைப்படுத்தும் எஃப்டிபி மென்பொருளிலோ ஸ்கிரிப்டிலோ v10 முன்னால் வந்து நிற்கும். இரண்டாம் பாதி தவறு. பவர்ஷெல்லில் அடித்துப் பாருங்கள்:

```
(Get-Item a.pdf).LastWriteTime = "2024-01-01"
```

ஒரு வரி, தேதி மாறிவிட்டது. எதிராளியும் இதை அறிவார்.

வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட், திருச்சி: குறுக்கிடுகிறேன். கோர்ட்டுக்குப் போனால் 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டம் 65பி போல, மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹேஷ் எண் எழுதும் இடமும் இருக்கிறது. எல்லோரும் ஹேஷ் எடுத்தே ஆகவேண்டும்.

வெப் டெவலப்பர், கோவை: மூவாயிரம் ரூபாய் நோட்டீஸுக்குக் கோர்ட்டா!

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நோட்டீஸுக்கு 'v03 ஓகே' போதும். தொகை பெரிதென்றால் அனுப்பும் நாளிலேயே இதை ஓட்டி, வரும் 64 எழுத்து ஹேஷை மெயிலுக்குள் ஒட்டி அனுப்புங்கள்:

```
certutil -hashfile murugan-calendar_2025-09-14_v03_SENT.pdf SHA256
```

ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறும். மெயில் அவர் பெட்டியிலும் இருப்பதால் பின்னால் உங்களால் திருத்த முடியாது. நீதிமன்றம் இதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கும் என்பதை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல.

வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட், திருச்சி: சின்னத் தொகைக்கும் எடுத்து வைப்பதில் என்ன நஷ்டம்? ஒரு நிமிட வேலை.

எடுப்பவர் எடுக்கட்டும். பத்து நாளில் சலித்து விட்டுவிடும் வழக்கத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

டிடிபி சென்டர், நெல்லை: பேக்கப்பிலிருந்து பழைய புத்தக ஃபைலைத் திறந்தேன். 'அம்மா' இருந்த இடத்தில் mk;kh என்று இருக்கிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது பாமினியில் அடித்தது, புது மெஷினில் அந்த ஃபாண்ட் இல்லை. பாமினி எழுத்துருவைப் போட்டால் 'அம்மா' திரும்பி வரும். ஆனால் பாமினி என்ற பெயரில் சுற்றும் ஃபாண்டுகள் எல்லாம் ஒரே அகலம் இல்லை. வேறொன்றைப் போட்டால் வரிகள் நகரும், பக்கம் தள்ளும். வேலை முடிந்ததும் இன்டிசைனில் Package, கோரலில் Collect for Output கொடுத்து, ஃபாண்டும் படங்களும் அடங்கிய அந்த ஃபோல்டரையே பேக்கப் எடுங்கள். வெறும் .cdr மட்டும் காப்பி செய்தால் பாதி வேலைதான் காப்பாற்றப்பட்டது. மாதம் ஒரு பழைய வேலையை வேறு மெஷினில் திறந்து பார்த்தால் இந்தக் குறை முன்கூட்டியே தெரியும்.

போட்டோகிராபர், சேலம்: ஒன்டிரைவ் இருந்தால் தனியாக டிஸ்க் வாங்கணுமா?

மதுரைக்காரருக்குச் சொன்ன பதில். வாங்கணும்.

பெயர் தராதவர்: டிராப்பாக்ஸ் சிங்க் என்றால் பரவாயில்லைதானே?

மேலே படியுங்கள்.

யூடியூப் எடிட்டர், ஈரோடு: ஒரு வேலைக்கு 400 ஜிபி ஃபுட்டேஜ் வருகிறது. எல்லா வெர்ஷனையும் வைத்தால் டிஸ்க் எப்படித் தாங்கும்?

ஃபுட்டேஜை ஒரே முறை இரண்டு டிஸ்கிலும் போடுங்கள், அது மாறப்போவதில்லை. வெர்ஷன் ஏறுவது ப்ராஜெக்ட் ஃபைலுக்கும் அனுப்பிய எம்பி4-க்கும் மட்டும். ப்ராஜெக்ட் ஃபைல் பெரும்பாலும் சில எம்பிதான், ஐம்பது வைத்தாலும் இடம் பிடிக்காது. கேமரா கார்டை இரண்டு காப்பியும் திறந்து பார்த்த பிறகே ஃபார்மேட் செய்யுங்கள். பணம் வந்தபின் ஃபுட்டேஜை எத்தனை மாதம் வைப்பீர்கள் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.