கையில் 5 லட்சம்: வீட்டுக் கடனில் இஎம்ஐயைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

கேள்வி: வீட்டுக் கடனில் இன்னும் 30 லட்சம் பாக்கி. மாறும் வட்டி, இப்போது 8.5 சதவீதம். 15 வருஷம் மீதி இருக்கிறது, இஎம்ஐ 29,542 ரூபாய். ஊர் நிலத்தை விற்றதில் என் பங்காக 5 லட்சம் வந்திருக்கிறது. அவசரச் செலவுக்குத் தனியாக வைத்திருப்பதால் இதை அப்படியே கடனில் கட்டலாம். வங்கியில் இஎம்ஐயைக் குறைத்துத் தருகிறோம் என்கிறார்கள். மச்சானோ காலத்தைக் குறைத்தால்தான் லாபம் என்கிறார். எனக்குத் தனியார் கம்பெனி வேலை. மகள் பத்தாவது படிக்கிறாள். எதைச் செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: மச்சான் போட்ட கணக்கில் தப்பு இல்லை. இப்படியே விட்டால் இனி வரும் 15 வருஷத்தில் வட்டியாக மட்டும் சுமார் 23.18 லட்சம் கட்டுவீர்கள். 5 லட்சத்தைக் கட்டிவிட்டு இஎம்ஐயைக் குறைத்தால், தவணை 24,618 ரூபாய்க்கு இறங்கும், கடன் அதே 180 மாதம் ஓடும், வட்டியில் சுமார் 3.86 லட்சம் மிச்சமாகும். இஎம்ஐயைத் தொடாமல் காலத்தைக் குறைத்தால் கடன் 130 மாதத்தில் முடிந்துவிடும். அதாவது 4 வருஷம் 2 மாதம் முன்னதாக. வட்டியில் மிச்சம் ஏறக்குறைய 9.9 லட்சம். 8.5 சதவீதம் கடைசிவரை மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

நான்கு லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையே யார் யோசிப்பார்கள் என்று தோன்றும். ஆனால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எந்த வழியில் போனாலும் 5 லட்சம் கட்டிய அன்று அசல் 25 லட்சம்தான், வட்டி விகிதமும் ஒன்றுதான். காலத்தைக் குறைப்பவர் மாதம் 29,542 கட்டிக்கொண்டே போகிறார். இஎம்ஐயைக் குறைத்தவர் 24,618 மட்டும் கட்டுகிறார். மாதம் 4,924 ரூபாயைக் கூடுதலாகக் கட்டுவதால் வருவதுதான் அந்த ஆறு லட்சம். காலத்தைக் குறைப்பதற்கென்று வங்கி தனிச் சலுகை எதையும் தருவதில்லை.

அப்படியானால் இஎம்ஐயைக் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் 4,924 ரூபாயை நீங்களே மாதாமாதம் அசலில் கட்டினால் என்ன ஆகும்? அதே 130 மாதத்தில் கடன் முடியும், அதே 9.9 லட்சம் மிச்சமாகும். மாறுவது ஒன்றுதான். காலத்தைக் குறைத்தால் 29,542 கட்டாயம். வேலை போனாலும், சம்பளம் தள்ளிப்போனாலும் கட்டியாக வேண்டும், தவறினால் சிபில் ஸ்கோர் விழும். இஎம்ஐயைக் குறைத்துவிட்டால் கட்டாயம் 24,618 மட்டும்தான். மீதி உங்கள் விருப்பம்.

இதனால்தான் உங்கள் விஷயத்தில் வங்கி சொல்வதை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறேன், ஆனால் பாதி மட்டும். இஎம்ஐயைக் குறைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வரும் தேதிக்கு மறுநாளே 4,924 ரூபாய் கடன் கணக்குக்குப் போகும்படி தானாகப் பிடிக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். மகள் கல்லூரியில் சேரும்போது அதை நிறுத்திக் கட்டணத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு வருஷம் மட்டும் இப்படிக் கட்டி நிறுத்தினாலும், அதற்குப் பிறகு 24,618 மட்டுமே கட்டினாலும், கடன் ஏறக்குறைய 15 மாதம் முன்னதாகவே முடியும். காலத்தைக் குறைத்துவிட்டால் இந்த வசதி கிடையாது. பின்னால் தவணை பாரமாகி, திரும்பக் காலத்தை நீட்டித் தாருங்கள் என்று கேட்டால், தருவதும் மறுப்பதும் வங்கியின் கையில். அந்த நேரத்தில் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பர்சனல் லோன் வாங்க நேர்ந்தால், அதன் வட்டி வீட்டுக் கடனைவிடக் கூடுதலாகவே இருக்கும். இங்கே மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடும்.

இந்த யோசனை முழுக்க அந்த 4,924 ரூபாய் தவறாமல் கடனுக்குப் போவதை நம்பியது. கையில் மிஞ்சும் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும் என்று உங்களுக்குத் தெரிந்தால், தயங்காமல் மச்சான் சொன்னபடி காலத்தைக் குறைத்துவிடுங்கள். அரசு வேலை மாதிரி நிலையான வருமானம், பக்கத்தில் பெரிய செலவு எதுவும் இல்லை என்பவர்களுக்கும் அதுவே சுலபம். அந்த மிச்சத்தை ஆர்டியில் போட்டு வளர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஆர்டி வட்டி பொதுவாக வீட்டுக் கடன் வட்டியைவிடக் குறைவு, அதற்கும் வருமான வரி உண்டு. 8.5 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு அதைச் செய்வதில் லாபம் இல்லை.

பழைய வரி முறையில் இருந்தால் வட்டிக் கழிவு போய்விடுமோ என்ற கவலையும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வருஷம் 2 லட்சம் வரைதான் கழிவு. 5 லட்சத்தைக் கட்டிய பிறகும் முதல் வருஷ வட்டி சுமார் 2.07 லட்சம் வரும். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே கிடையாது.

பணம் கட்டும் முன் வங்கியில் இரண்டு விஷயம் கேளுங்கள். சிறு தொகைகளை மாதாமாதம் அசலில் ஏற்பார்களா, குறைந்தபட்சத் தொகை ஏதாவது உண்டா என்பது ஒன்று. இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துக் கட்டுங்கள், பெரிய வித்தியாசம் வராது. இந்தச் சிறு தொகைகளைக் கட்டும்போது இஎம்ஐ மறுபடி குறையாமல் காலம்தான் குறைய வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் இஎம்ஐயை அப்படியே விட்டுக் காலத்தைத்தான் குறைப்பார்கள், அதனால் 5 லட்சத்துக்கான கடிதத்தில் இஎம்ஐயைக் குறைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். தவணை மாறுவதால் கணக்கிலிருந்து பிடிப்பதற்கான அனுமதிப் படிவத்தைப் புதிதாகக் கேட்கலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முன்கட்டணம் என்று அதற்குச் சதவீதக் கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கட்டிய பிறகு பார்க்க வேண்டியது ஸ்டேட்மென்ட். மொபைல் ஆப்பில் கட்டும்போது 'அட்வான்ஸ் இஎம்ஐ' என்பதை அழுத்திவிட்டால், பணம் வரப்போகும் தவணைகளுக்கென்று ஒதுங்கி நிற்கும், அசல் குறையாது. அசலில் கட்டும் 'பார்ட் பேமென்ட்' என்பதையே தேர்ந்தெடுங்கள். கட்டியதற்கு அடுத்த முழு மாதத்தில் வட்டி என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 30 லட்சத்துக்கு மாத வட்டி 21,250 ரூபாய், 25 லட்சத்துக்கு 17,708. எண் பழைய இடத்திலேயே நின்றால் பணம் அசலுக்குப் போகவில்லை என்று அர்த்தம். உடனே வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் செலவில்லாமல் முறையிடலாம்.