கூட்டம் குறைந்த நாளைக் கணிப்பது எப்படி?

கேள்வி: எல்லோரும் போகும் ஒரு சுற்றுலா இடத்தில் எந்த நாளில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

பெருமளவு முடியும். வார நாள் என்றாலே கூட்டம் இருக்காது என்று கருதாமல், முதலில் அந்த இடத்தின் விடுமுறை நாளையும் அருகிலுள்ள மற்ற பெரிய இடங்களின் விடுமுறை நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாரிஸுக்கு அருகிலுள்ள வெர்சாய் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நகரத்திலுள்ள லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆகவே, திங்களன்று வெர்சாய்க்குப் போக முடியாதவர்களும் செவ்வாயன்று லூவருக்குப் போக முடியாதவர்களும் ஒரே நாளில் வந்து சேர்வதால், சாதாரணமாகத் தோன்றும் செவ்வாய்க்கிழமை வெர்சாயில் வார இறுதியைப் போலவே நெரிசலாகிவிடுகிறது. புதன் அல்லது வியாழன்தான் என் தேர்வு.

அந்தத் தேர்வையும் பண்டிகை நாட்காட்டியோடு ஒப்பிட்ட பிறகே உறுதிசெய்ய வேண்டும். ஈஸ்டரை ஒட்டி ஆண்டுதோறும் தேதி மாறும் இயேசுவின் விண்ணேற்றப் பெருவிழா எப்போதும் வியாழக்கிழமையில்தான் வரும். பிரான்சில் அது பொது விடுமுறை. பலர் வெள்ளிக்கிழமையும் விடுப்பு எடுத்து, நான்கு நாட்களைத் தொடர் விடுமுறையாக்கிக்கொள்வார்கள். அந்த வாரத்தில் மட்டும் வியாழனை விட்டுவிட்டுப் புதன்கிழமைக்கு மாறுவது நல்லது. சென்ற ஆண்டின் தேதியை அப்படியே நம்பினால் கணிப்பு தவறிவிடும்.