60 விழுக்காடு சான்றிதழும் அடையாளம் காணப்பட்ட பணியிடமும்

கேள்வி: செவித்திறன் குறைபாடு 60 விழுக்காடு எனச் சான்றிதழ் இருந்தும், மத்திய அரசுப் பணியொன்றுக்கு நான் தகுதியற்றவன் என்கிறார்களே, ஏன்?

பதில்: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் இடஒதுக்கீட்டுக்கு உரியவர்கள், அந்த வரம்பை நீங்கள் கடந்துவிட்டீர்கள். ஆனால் 4 விழுக்காடு ஒதுக்கீடு பொதுவானதன்று. பார்வை, செவித்திறன், இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1 விழுக்காடும், மனநலம், அறிவுத்திறன், பல்வகைக் குறைபாடுகளுக்குச் சேர்த்து 1 விழுக்காடும் என அது பிரிகிறது.

அடுத்து, ஒவ்வொரு பணியும் எந்தெந்தக் குறைபாடு உடையவர்களுக்கு ஏற்றது என அரசு அடையாளம் கண்டு, அப்பணிக்கு வேண்டிய உடற்செயல்களையும் சேர்த்துப் பட்டியலிட்டுள்ளது. மத்திய அரசின் விரிவான பட்டியல் 2021 ஜனவரியில் வெளியானது. நீங்கள் கேட்ட பணிக்கு எதிரே இயக்கக் குறைபாடு மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், சான்றிதழில் 60 இருந்தாலும் 90 இருந்தாலும் அந்த ஒதுக்கீட்டு இடம் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே விழுக்காட்டைப் பார்ப்பதோடு நில்லாமல், அறிவிக்கையில் அப்பணிக்கு நேரே உள்ள குறைபாட்டு வகையையும், 'கேட்டல்' தேவையான செயலாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள்.