கடகடவென்று ஒப்பிக்கிறான், வாசிக்கத் தெரியவில்லை

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறான், ஆனால் வேறு கதைப் புத்தகம் கொடுத்தால் ஒரு வரிகூட நகர மாட்டேன் என்கிறது. டிக்டேஷனில் பத்துக்கு ஒன்று, இரண்டு. ‘பள்ளிக்கூடம்’ என்பதை ‘பளிகுடம’ என்று எழுதியிருக்கிறான். வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான். சோம்பேறித்தனம் என்கிறார் டீச்சர். இது டிஸ்லெக்சியாவா? பள்ளியில் நான் என்ன கேட்க வேண்டும்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இன்று சாயங்காலம் ஒன்று செய்து பாருங்கள். அவனுக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தையே எடுத்து, படத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, கடைசிச் சொல்லில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பொருளே இல்லாத நாலைந்து சொற்களை எழுதிக் காட்டுங்கள்: மிதக, பேனிகு, தொமால், சட்டுவி. இங்கே மனப்பாடம் கைகொடுக்காது. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிடும். தெரியாத பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லுக்குத் தாவும், ‘தொமால்’ அதற்குத் ‘தொப்பி’ ஆகிவிடும். உங்கள் மகனும் அப்படித் தாவினால், இத்தனை நாள் அவன் வாசித்ததாக நினைத்தது வாசிப்பே இல்லை, மற்ற பிள்ளைகள் சொல்வதைக் காதால் கேட்டு நினைவில் வைத்து ஒப்பித்ததுதான். சோம்பேறி செய்கிற வேலையா இது?

அந்தப் ‘பளிகுடம’வைப் பாருங்கள், எனக்கு அது பெரிய தடயம். ஏழு எழுத்தில் ஐந்துதான் இருக்கிறது. ‘ள்’ போயிற்று, ‘க்’ போயிற்று, ‘கூ’ குறுகிக் ‘கு’ ஆனது, கடைசிப் புள்ளியையும் காணோம். அவன் இஷ்டத்துக்கு எழுதவில்லை. விழுந்தது எல்லாம் மெய்யெழுத்தும் நெடிலும். டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. காதில் விழுகிற சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துப் பிடிப்பதும், அந்த ஒலியை எழுத்தோடு ஒட்டுவதும் இந்தப் பிள்ளைகளின் மூளைக்குச் சுலபமாக வருவதில்லை. கண்ணிலோ அறிவிலோ கோளாறு இல்லை. எழுத்தைத் தலைகீழாக எழுதுவதுதான் டிஸ்லெக்சியா என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் ஆறு, ஏழு வயதுவரை எத்தனையோ பிள்ளைகள் அப்படி எழுதிவிட்டுத் தானாகவே சரியாகிவிடுவார்கள். அதேபோல ல, ள, ழ குழப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதைச் சேர்த்தால் நம்மில் பாதிப் பேர் மாட்டுவோம்.

இன்னும் சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று யோசித்துப் பாருங்கள். பேச்சு தாமதமாக வந்ததா, ‘கதவு’ என்பதைத் ‘தகவு’ என்று வெகுநாள் மாற்றிச் சொன்னானா, கிழமைகளை வரிசையாகச் சொல்லத் திணறினானா, ‘மரம்’ என்பதில் முதல் எழுத்தை எடுத்தால் என்ன மிச்சம் என்று கேட்டால் விழித்தானா? அப்பாவோ மாமாவோ படிப்பில் இதே மாதிரி அவதிப்பட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள், இது குடும்பத்தில் வரக்கூடியது. இதில் ஒன்றிரண்டு இருந்தால் மட்டும் முடிவு கட்டிவிட முடியாது. முதலில் காதும் கண்ணும் பரிசோதிக்க வேண்டும். அடிக்கடி லீவு போட்ட பிள்ளையும், சரியாகச் சொல்லித் தரப்படாத பிள்ளையும்கூட இப்படித்தான் எழுதும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் ஒழுங்காகக் கற்பித்தால் விறுவிறுவென்று மேலே வந்துவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை முன்னேறும், ஆனால் ஒவ்வொரு படியும் பல மடங்கு பயிற்சி கேட்கும். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறி, தமிழைச் சரளமாக வாசிக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆங்கிலப் பழக்கம்தான் குறைவு.

சரி, என்ன செய்வது? வீட்டில் தினம் பதினைந்து நிமிடம் போதும், இம்போசிஷன் வேண்டாம். ‘பளிகுடம’வை ஐம்பது முறை எழுதவைத்தால் தப்பைத்தான் ஐம்பது முறை பழகுவான். நம் இலக்கணத்தில் மாத்திரைக்குக் கைநொடி, கண்ணிமை என்று அளவு சொல்வார்கள் அல்லவா, அதை அப்படியே விளையாட்டாக்குங்கள். குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்கு இரண்டு. நீங்கள் ‘படம்’, ‘பாடம்’, ‘மலை’, ‘மாலை’, ‘கொடு’, ‘கோடு’ என்று சொல்லச் சொல்ல, முதல் எழுத்துக்கு மட்டும் அவன் சொடக்குப் போட வேண்டும். எழுத்தே இல்லாமல், காதால் மட்டும். அது கைவந்த பிறகு ‘கடை’, ‘கட்டை’, ‘மடம்’, ‘மட்டம்’, ‘பசை’, ‘பச்சை’. ‘கட்டை’ என்னும்போது நாக்கு ஒரு கணம் ஒட்டி நிற்கிறதே, அந்த இடத்தில்தான் புள்ளி எழுத்து இருக்கிறது என்று அவன் வாயிலேயே உணரட்டும். அதன் பிறகே எழுத்து அட்டைகளை வைத்து அடுக்க வேண்டும், கடைசியில்தான் பென்சில்.

நான் சொல்லிக்கொடுத்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்றே வாசிப்பாள். காரணம் கேட்டபோது ‘கொம்பு முன்னாடி இருக்கே’ என்றாள். நியாயம்தான், வாய் முதலில் ‘க்’ சொல்கிறது, கண்ணுக்கு முதலில் கொம்பு தெரிகிறது, பின்னால் நிற்கிற காலை அவள் பார்க்கவே இல்லை. கொம்பையும் காலையும் ஒரே சிவப்பில், ‘க’வைக் கறுப்பில் எழுதினோம், இரண்டு சிவப்பும் சேர்ந்தால்தான் ‘ஒ’ என்று. மூன்று வாரம் ‘ஒ’ மட்டும்தான். அதே வாரத்தில் ‘ஓ’வையும் கொண்டுவந்திருந்தால் இரண்டும் கலந்து போயிருக்கும், முன்பு ஒரு பிள்ளையிடம் அவசரப்பட்டு நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன்.

டீச்சரிடம் போகும்போது புகாராகப் போகாதீர்கள், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார். செய்யக்கூடியதாகச் சிலதை மட்டும் கேளுங்கள். திடீரென்று எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம், நாளைக்கு இந்த நான்கு வரி என்று முதல் நாளே சொல்லிவிட்டால் வீட்டில் தயாராகி வருவான். கரும்பலகையிலிருந்து எழுதுவது இவர்களுக்குப் பெரிய பாடு, ஒவ்வொரு எழுத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் இடம் தவறிவிடும், அதனால் முன் வரிசையில் உட்காரவைத்து, முக்கியமான இரண்டு வரி மட்டும் எழுதச் சொல்லி, மீதியை ஒரு தாளில் கொடுக்கலாம். டிக்டேஷனில் பத்துச் சொல்லுக்குப் பதில் ஒரே மாதிரி நான்கு சொல், அந்த வாரம் பழகிய எழுத்துக்கு மட்டும் மார்க். சூழ்நிலையியல், அறிவியல் விடைகளை வாயால் கேட்டு மார்க் போட முடியுமா என்றும் கேளுங்கள். பிழைக்கு மார்க் குறைத்தால் அவனுக்கு அறிவியல் தெரியவில்லை என்று ரிப்போர்ட் கார்டு பொய் சொல்லும்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே முறையான மதிப்பீட்டுக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். அதைச் செய்கிறவர் மருத்துவ உளவியலாளர், பெரும்பாலும் சிறப்புக் கல்வி ஆசிரியரோடு சேர்ந்து செய்வார். எட்டு வயது அதற்குச் சரியான வயதுதான். இதைத் தீர்க்க மாத்திரையும் இல்லை, கண் பயிற்சியும் இல்லை, யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் இருக்கிறது, சான்றிதழ் இருந்தால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். போகும்போது அந்த டிக்டேஷன் நோட்டையும் எடுத்துப் போங்கள், பழையதைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம்.